ஆறு பேர் சாப்பிட்டார்களாம்

புருல் எஜேவிடம், அதாவது புருல் அக்காவிடம், கடிகாரம் பார்த்து நேரம் சொல்லச் சொன்னால், "என் கடிகாரப்படி நாலு பத்து" என்பாள். நேரம் நாலு பத்து என்று ஒருநாளும் சொன்னதில்லை. கடிகாரம் தப்பாக ஓடலாம் அல்லவா. கல்யாண விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் கோப்பையைத் தூக்கி, "இப்படி ஒரு பெண் இந்த ஏரியைச் சுற்றி எங்கும் கிடையாது" என்று வாழ்த்தினால், எல்லோரும் கை தட்டும்போது இவள் மட்டும் பக்கத்தில் இருப்பவரிடம், "சுற்றிப் பார்த்தாங்களாமா?" என்று கேட்பாள். அவள் புருஷன் எசென், இருபத்தெட்டு வருஷமாகத் தன் மனைவியிடம் "எப்பவும்", "யாரும்", "ஒருக்காலும்" என்ற மூன்று வார்த்தைகளையும் பேசாமல் குடும்பம் நடத்துகிறவன். அவன் சாமர்த்தியசாலி.

எங்கள் ஊர் கிர்கிஸ் நாட்டில், ஒரு பெரிய ஏரியின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, எட்டுப் பக்கத்தில் ஒரு பத்திரிகை வரும். ஆபீசில் மொத்தம் நாலு பேர். ஆசிரியர் தாலாய், எங்களுக்கு பைக்கே, அதாவது அண்ணன்; எழுதுகிற மெலிஸ்; பக்கம் கட்டுகிற நான்; பிறகு புருல். அவள் வேலைக்குச் சம்பளப் பட்டியலில் "பிழை திருத்துபவர்" என்று பெயர். அது சரியான பெயர் இல்லை. எழுத்துப்பிழையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் பார்த்தது வேறு.

அரசாங்கத்து அலுவலகங்களிலிருந்து ரஷ்ய மொழியில் அறிக்கைகள் வரும். தடுப்பூசி, பனிச்சரிவு, மேய்ச்சல் நிலம், தண்ணீர் என்று எதைப் பற்றியும் இருக்கும். ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் அரைப் பக்கம் போகும். அதை மேய்ச்சல்காரனும் கடைக்காரியும் படிக்கிற கிர்கிஸ் மொழியில் மெலிஸ் மாற்றி எழுதுவான். மாற்றி எழுதியதில் எண், தேதி, "இல்லை", "இருக்கலாம்" இந்த நாலும் மாறியிருக்கிறதா என்று புருல் பார்ப்பாள். அவள் கையெழுத்து இல்லாமல் பக்கம் அச்சுக்குப் போகாது.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. சின்ன வயதில் விவசாய அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். "மே 5-க்கு முன் உருளைக்கிழங்கு நட வேண்டாம்" என்று மேலிடத்திலிருந்து வந்த குறிப்பை ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சுருக்கி, "மே 5-க்குள் உருளைக்கிழங்கு நட்டுவிடுங்கள்" என்று துண்டறிக்கை அடித்தாள். தேதி அப்படியே இருந்தது. உருளைக்கிழங்கும் இருந்தது. போனது ஒரு "வேண்டாம்" மட்டும். இரண்டு கிராமம் அவசர அவசரமாக நட்டது. முளை தலை காட்டிய வாரத்தில் உறைபனி இறங்கிக் கருக்கிவிட்டது. துண்டறிக்கையை அனுப்பச் சொல்லி முத்திரை குத்திய அதிகாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிகளுக்கு எப்போது ஆனது? தட்டச்சுக்காரிக்குத்தான் பட்டப்பெயர் கிடைத்தது. இன்றைக்கும் அந்த இரண்டு கிராமத்தில் அவள் பெயர் மே அஞ்சு புருல்.

நான் சொல்ல வருவது ஒரு ஜூலை மாத வியாழக்கிழமையைப் பற்றி. தேதி பதினாறு.

அந்த வாரம் ஊரில் வயிறு சரியில்லாத வாரம். எங்கே பார்த்தாலும் மாதுளந்தோல் கஷாயம். சந்தையின் கிழக்கு வரிசையில் பன்னிரண்டு சாப்பாட்டுக் கடைகள். அதில் ஒன்று ஹலிமாவுடையது. ஹலிமா துங்கான்காரி, அதாவது பல தலைமுறைக்கு முன் சீனாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் இனத்தவள். குளிர்ந்த நூடுல்ஸும் மாவுக் கட்டியும் புளிக்காடியும் மிளகாயும் சேர்த்து அவள் தருகிற அஷ்லியான்ஃபூவைச் சாப்பிட்டால் மூக்கும் கண்ணும் சேர்ந்து நன்றி சொல்லும். ஊரே அதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தது. ஆனால் வயிறு கலங்கியதும் ஊர் முதலில் கை காட்டியதும் அங்கேதான். பன்னிரண்டு கடையில் பதினொன்று நம்மவர் கடை, ஒன்று அடுத்தவர் கடை என்றால் கிருமி எந்தக் கடைக்குப் போகும் என்று சில பேருக்குப் பரிசோதனை செய்யாமலே தெரிந்துவிடுகிறது.

மத்தியானம் ஹலிமா எங்கள் ஆபீசுக்கு வந்தாள். கையில் மூடிய ஒரு வாளி.

"எஜே, சாப்பாடு கொண்டாந்திருக்கேன்."

புருல் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நான் கேட்கலையே."

"சந்தை மேனேஜர் வந்துட்டுப் போனாரு. நாளைக்குப் பேப்பர்ல டாக்டர் அறிக்கை வருதாமே. அதுல என் கடைன்னு போட்டிருந்தா சனிக்கிழமை இடத்தைக் காலி பண்ணிரணும்னுட்டாரு. பதினாறு வருஷமா இருக்கேன் எஜே."

"போன தடவை பதினஞ்சுன்னே."

"அது போன வருஷம்."

"அப்ப சரி" என்றாள் புருல். "வாளியை ஜன்னல் ஓரமா வை. வேலை முடியாம நான் தொடமாட்டேன். நீயும் இங்கேயே உட்காரு, ஆனா ஒண்ணும் பேசாதே."

மெலிஸ் மட்டும் வாளியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். "இதுக்காக வயித்துவலி வந்தாலும் பரவாயில்லை" என்றான். ஹலிமாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிவிட்டான்.

மெலிஸ் கெட்டவன் இல்லை. அவன் எழுதினால் ஓடை ஓடுகிற மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து. "இருக்கலாம்", "கூடும்" என்பவையெல்லாம் நொண்டிக் குதிரைகள், நல்ல எழுத்தில் பூட்டக் கூடாது என்பது அவன் கொள்கை. அவன் அப்பா நாலு பெரிய கம்யூனிஸ்ட் தலைவர்களின் பெயர்களில் முதல் எழுத்துகளை எடுத்து ஒன்றாக்கி அவனுக்குப் பெயர் வைத்தவர். புருல் அதைச் சொல்லியே அவனைக் குத்துவாள்: "உன் பேர்ல இருக்கிற நாலு பேர்ல ஒருத்தராவது 'எனக்குச் சரியாத் தெரியலை'ன்னு எழுதியிருப்பாங்களா? உன்னைச் சொல்லிக் குத்தமில்லை."

அன்றைக்கு மெலிஸ் எழுதியதைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தான். அவள் அதைக் குப்புறத் திருப்பி வைத்தாள். முதலில் மூலத்தைத்தான் எடுப்பாள். "அழகா எழுதினதை முன்னாடி படிச்சுட்டா அப்புறம் கண்ணு அதையேதான் எல்லா இடத்துலயும் பாக்கும்" என்பாள். சுகாதார அலுவலகத்து டாக்டர் கிளாரா ஒஸ்மோனோவ்னாவின் அறிக்கை இப்படி இருந்தது. அரைப் பக்கத்தை நான் சுருக்கவில்லை. அந்த டாக்டர் சுருக்கமாக எழுதுகிறவர்.

"ஜூலை 8 முதல் 11 வரை 23 பேர் வயிற்றுப்போக்குடன் மருத்துவமனைக்கு வந்தனர். 17 பேர் சந்தையின் கிழக்கு வரிசையில் சாப்பிட்டவர்கள். அவர்களில் 6 பேர் ஹலிமாவின் கடையில் சாப்பிட்டதாகக் கூறுகின்றனர். ஜூலை 12 அன்று அக்கடை உணவிலிருந்தும் சந்தைக் கிணற்று நீரிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. முதலாவதில் நோய்க்கிருமி காணப்படவில்லை. இரண்டாவதன் முடிவு இன்னும் வரவில்லை. 20-ஆம் தேதிக்குள் வரலாம். நோய்க்கு மூலம் அதுவாக இருக்கக்கூடும். கொதிக்க வைக்காத நீரைக் குடிக்க வேண்டாம்."

சிவப்புப் பென்சிலால் எண்களையும் தேதிகளையும் வட்டமிட்டாள். கறுப்பால் "இல்லை" வகையறாவுக்கு அடிக்கோடு. நீலத்தால் "லாம்", "கூடும்", "என்கிறார்கள்" வகையறாவுக்கு அலைக்கோடு. ஓரத்தில் எழுதினாள்: எண் 3, தேதி 4, இல்லை 4, லாம் 3. அதற்கப்புறம்தான் மெலிஸின் தாளைத் திருப்பினாள்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"மெலிஸ்."

"சொல்லு எஜே."

"எனக்கு மூணு லாம் வரணும். ஒண்ணுதான் வந்திருக்கு. மத்த ரெண்டையும் என்ன பண்ணினே?"

"தின்னுட்டேன்."

"துப்பு."

இருபதாம் தேதி முடிவு "வரலாம்" என்பதை அவன் "வரும்" என்று எழுதியிருந்தான். ஹலிமா கடையில் "சாப்பிட்டார்கள்" என்று எழுதியிருந்தான். கிர்கிஸ் மொழியில் இதற்கு ஒரு வசதி உண்டு. தமிழில் "ஆம்" என்று வால் ஒட்டுகிற மாதிரி அங்கேயும் வினையின் கடைசியில் ஒட்டலாம். "ஜெதி" என்றால் சாப்பிட்டான், பார்த்தவன் சொல்கிறான். "ஜெப்திர்" என்றால் சாப்பிட்டானாம், கேட்டவன் சொல்கிறான். ஒரு அசைதான். அதை எடுத்துவிட்டால் வதந்தி சாட்சியாகிவிடும். உலகத்தில் எத்தனை பேரை ஊர்விலக்கு செய்ததும் ஊரைவிட்டுத் துரத்தியதும் இந்த ஒரு அசையைத் தொலைத்ததால்தான் என்று யாராவது கணக்கெடுத்தால் நல்லது.

"சாப்பிட்டவங்க சாப்பிட்டோம்னுதானே சொல்றாங்க. இதுல என்ன ஆம்?" என்றான் மெலிஸ்.

"நீ கூடப் போய் உட்கார்ந்திருந்தியா?"

"இல்லை."

"டாக்டர்?"

"இல்லை."

"அப்ப ஆம்."

அவன் முனகிக்கொண்டே இரண்டையும் திருத்தினான். ஹலிமா ஜன்னல் ஓரத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தாலாய் உள்ளே வந்தார். அச்சுக்கூடம் பக்கத்து ஊரில். பக்கங்களை எடுத்துப் போகிற டிரைவர் வாசலில் ஹாரனில் கையை வைத்துக்கொண்டிருந்தான். நாலரை மணிக்குள் கிளம்பாவிட்டால் பத்திரிகை சனிக்கிழமைதான்.

"ஆச்சா எஜே?"

புருல் மறுபடி எண்ணினாள். எண் 3, தேதி 4, இல்லை 4, லாம் 3. இந்தப் பக்கமும் அதே. அந்தப் பக்கமும் அதே.

"கணக்கு சரியா இருக்குல்ல. கையெழுத்துப் போடு" என்றார் தாலாய்.

பேனாவை எடுத்தாள். முதல் எழுத்தைப் போட்டும்விட்டாள். இன்றைக்கும் அந்தத் தாளில் அரைக் கையெழுத்து இருக்கிறது. பிறகு பேனாவை மூடினாள்.

"தலை எண்ணினேன். ஆளைப் பாக்கலை" என்றாள்.

"எஜே, டிரைவர்—"

"டிரைவருக்கு டீ குடுங்க பைக்கே. இருபத்தஞ்சு ஆட்டை ஓட்டிட்டுப் போய் இருபத்தஞ்சு ஆட்டோட திரும்பி வந்தா போதுமா? நம்ம ஆடான்னு பாக்க வேண்டாமா?"

ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சொந்தக்காரன் உண்டு, ஒவ்வொரு "இல்லை"க்கும் ஒரு வீடு உண்டு என்பது அவள் பாடம். விரலை இரண்டு தாளிலும் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்க ஆரம்பித்தாள். இருபத்துமூன்று யார்? ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். இங்கே? அதேதான். பதினேழு யார்? கிழக்கு வரிசையில் சாப்பிட்டவர்கள். இங்கே?

மெலிஸின் தாளில் இருந்தது: "இருபத்துமூன்று பேரில் பதினேழு பேர் கிழக்கு வரிசையில் ஹலிமாவின் கடையில் சாப்பிட்டார்களாம், மற்ற ஆறு பேர் வேறெங்கோ."

"மெலிஸ், 'மற்ற'ங்கிறது எங்கேயிருந்து வந்தது?"

"கூட்டிப் பாரு. பதினேழும் ஆறும் இருபத்துமூணு. அந்த டாக்டர் சுத்தி வளைச்சு எழுதியிருக்கா, நான் நேரா ஆக்கினேன்."

"நல்லாத்தான் கூட்டியிருக்கே. ஆனா அவங்க கூட்டச் சொல்லலை. 'அவர்களில் ஆறு'ன்னிருக்கு. பதினேழுக்குள்ளே ஆறு. உன் கணக்குல ஆறு பேர் வெளியே நிக்கிறாங்க, பதினேழு பேர் இவ கடையில உட்கார்ந்திருக்காங்க."

ஜன்னல் ஓரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. ஆறு பேர் இருந்த இடத்தில் பதினேழு பேரை உட்கார வைத்தால் யார் கடையாக இருந்தாலும் கிறீச்சிடும். அதுவும் அந்த ஆறு, பன்னிரண்டு கடை வரிசை முழுவதும் சாப்பிட்ட பதினேழு பேரில் ஆறு.

மெலிஸ் தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். "ஆனா கூட்டினா சரியா வந்ததே" என்றான் மெதுவாக.

"அதான் மோசம். சரியா வராட்டி நீயே பாத்திருப்பே."

விரல் கீழே இறங்கியது. மெலிஸ் எழுதியிருந்தான்: "ஜூலை பன்னிரண்டில் சந்தைக் கிணற்று நீரையும் ஹலிமா கடை உணவையும் சோதனைக்கு எடுத்தார்கள். முதலாவதில் கிருமி காணப்படவில்லை. இரண்டாவதன் முடிவு இன்னும் வரவில்லை, இருபதுக்குள் வரலாம். நோய்க்கு மூலம் அதுவாக இருக்கக்கூடும்."

புருல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள்.

"தண்ணியை ஏன் முன்னாடி வச்சே?"

"விருந்தாளி வந்தா என்ன பண்ணுவே? தண்ணி குடுத்துட்டுத்தானே சாப்பாடு? 'கிணற்று நீரும் கடை உணவும்'னா காதுக்கு நல்லா இருக்கு. ரெண்டு சொல்லும் அதேதான். இடம்தான் மாறிருக்கு."

"நீ விருந்தாளியை மாத்தி உட்கார வச்சுட்டே. 'முதலாவது', 'இரண்டாவது'ன்னு சீட்டு அந்தந்த நாற்காலியிலேயே ஒட்டியிருக்கு."

தாலாய் குனிந்து படித்தார். மெலிஸும் படித்தான். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தை கூடவில்லை, ஒரு வார்த்தை குறையவில்லை. நாலு "இல்லை"யும் பத்திரமாக இருந்தன. ஆனால் சோதித்துக் கிருமி காணாத சாப்பாடு சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டது. இன்னும் முடிவே வராத கிணறு சுத்தமாகிவிட்டது. நாளைக்கு ஊர் ஹலிமாவைத் துரத்திவிட்டு, அந்தக் கிணற்றிலிருந்தே தண்ணீர் மொண்டு குடித்துக் கொண்டாடியிருக்கும். கடைசி வரியில் கொதிக்க வைக்கச் சொல்லியிருந்தது; ஆனால் எந்தத் தண்ணீர் என்று மூலத்திலும் இல்லை.

"சந்தை மேனேஜருக்குத் தெரிஞ்சா உன்னைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுப்பாரு" என்றாள் புருல். "கிணறு அவர் பொறுப்புதானே."

மெலிஸின் காது சிவந்தது. "நான் யாருக்காகவும் எழுதலை எஜே. நிஜமாவே காதுக்காகத்தான் எழுதினேன்."

"தெரியும். காதை வச்சு ஒரு பொம்பளையோட கடையை இடிச்சிருப்பே, அவ்வளவுதான். வேணும்னே செய்யறவன்னா ஒரு எண்ணையாவது தப்பா எழுதி மாட்டிக்குவான்."

அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனாலும் டாக்டருக்குப் போன் போட்டாள். எழுதினவரைக் கேட்க முடிகிறபோது தானாக ஊகிக்கக் கூடாது என்பது அவள் சட்டம். எல்லோரும் கேட்கிற மாதிரி போனை மேஜையில் வைத்தாள்.

"கிளாரா ஒஸ்மோனோவ்னா, புருல் பேசறேன். உங்க முதலாவது எது?"

"என்னது, என் முதல் புருஷனா?"

"மாதிரி. முதலாவது மாதிரி."

"சாப்பாடு. நான் எழுதின வரிசைதான். அதுல ஒண்ணும் காணலை. ஏன், மாத்திட்டாங்களா?" ஒரு பெருமூச்சு. "'அது'ன்னு எழுதாம கிணத்துத் தண்ணின்னே எழுதியிருக்கணும். கடைசி வரியிலயும் அப்படித்தான். என் தப்பும் இருக்கு. நீங்க சேர்த்துக்கங்க."

"சேர்த்துக்கறேன். ரெண்டு இடத்துலயும் சேர்த்து, நீங்க சொல்லித்தான்னு ஓரத்துல எழுதி வைக்கறேன்."

"இன்னொண்ணும் சொல்றேன் புருல். கிணறுதான். அந்த மூடியைப் பாத்தீங்களா? பாதி காணோம். இருபது வருஷ அனுபவம், எனக்குத் தெரியும்."

போனை வைத்ததுதான் தாமதம், ஹலிமா எழுந்து வந்துவிட்டாள். பேசாமல் உட்காரச் சொல்லியிருந்ததை மறந்துவிட்டாள்.

"கேட்டேல்ல எஜே. டாக்டரே கிணறுதான்னுட்டாங்க. அப்படியே போட்டுரு. 'ஹலிமா கடையில கிருமி இல்லை, கிணறுதான் காரணம்'. ரெண்டே வரி."

தாலாய்க்கும் அது பிடித்திருந்தது. மெலிஸ் பென்சிலை எடுத்தேவிட்டான். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அதை நன்றாகவே எழுதியிருப்பான்.

"முடியாது" என்றாள் புருல்.

"எஜே?"

"டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கலாம். தாளுக்குத் தெரியலை. தாள்ல 'கூடும்'னுதான் இருக்கு."

"எனக்கு நல்லதுன்னாகூடவா மாத்தமாட்டே?" என்றாள் ஹலிமா. "பதினேழை ஆறாக்கினே. இதையும் ஆக்கக்கூடாதா?"

"நான் ஆக்கலை. அது ஆறாத்தான் இருந்தது. இங்க பாரு ஹலிமா. 'காணப்படவில்லை'ன்னா ஒரு நாள், ஒரு பாத்திரத்துல, தேடினோம், கிடைக்கலைன்னு அர்த்தம். 'இல்லை'ன்னா எப்பவும் எங்கேயும் இல்லைன்னு அர்த்தம். அதை உனக்கு யாரும் எழுதித் தர முடியாது. எனக்கும் முடியாது, இந்த ஊர்ல எந்தக் கடைக்கும் முடியாது. நான் இன்னைக்கு உனக்காக ஒரு வார்த்தையை ஏத்தினேன்னா நாளைக்கு மேனேஜருக்காக இன்னொருத்தன் ஏத்துவான். அப்ப 'ஏன்டா'ன்னு கேக்க எனக்கு வாய் இருக்காது."

ஹலிமா வாளியை எடுத்தாள். வாசல்வரை போய், திரும்பி வந்து, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். கோபத்திலும் சாப்பாட்டைத் திருப்பி எடுத்துப் போகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை.

நாலு இருபத்தைந்துக்கு, புருலின் கடிகாரப்படி, பக்கம் போனது. மெலிஸ் கிணற்றைப் பின்னாலும் சாப்பாட்டை முன்னாலும் உட்கார வைத்து, "முதலாவது இரண்டாவது" இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டு, ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே எழுதினான். ஓடை மாதிரிதான் ஓடியது. இந்த முறை எதையும் அடித்துக்கொண்டு போகாமல். கிணறு என்ற சொல் நாலு தரம் வந்ததில் அவனுக்கு வருத்தம்தான். அது போன பிறகு நாங்கள் நாலு பேரும் வாளியைக் காலி செய்தோம். புருல் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். மறுநாள் நாலு பேர் வயிறும் நன்றாக இருந்தது. இது ஒரு நிரூபணமும் அல்ல என்று அவளே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ஊர் படித்தது. இருபத்துமூன்று, பதினேழு, ஆறு, ஆம். மேனேஜர் பத்திரிகையை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். ஹலிமாவைக் காலி செய்யச் சொல்ல அதில் ஒரு வரி கிடைக்கவில்லை. ஆனால் அந்த வரிசையின் மற்ற பதினொரு கடைக்காரர்களும், மிச்சமுள்ள பதினொரு பேர் எங்கே சாப்பிட்டார்கள் என்று ஊர் யோசிக்க ஆரம்பித்துவிட்டதால், ஒன்று சேர்ந்து அவரிடம் போய்க் கிணற்றுக்குப் புது மூடி கேட்டார்கள். முந்தின நாள்வரை ஹலிமாவைப் பார்த்து முகத்தைத் திருப்பியவர்கள்தான். மனச்சாட்சியைவிட வகுத்தல் கணக்கு சில சமயம் நன்றாக வேலை செய்கிறது. மத்தியானத்துக்குள் கிணற்றில் பூட்டு தொங்கியது.

சனிக்கிழமை புருலும் நானும் சந்தைக்குப் போனோம். ஹலிமா அதே இடத்தில் இருந்தாள். பெஞ்சில் ஐந்தாறு பேர். புருலைப் பார்த்ததும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு கிண்ணத்தை எடுத்து மிளகாயை வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகமாகவே போட்டாள்.

கடையின் முன்னால் ஒரு அட்டை தொங்கியது. பெரிய எழுத்தில்: "எங்கள் கடையில் கிருமியே இல்லை. பத்திரிகையே சொல்லிவிட்டது."

புருல் அட்டையைப் பார்த்தாள். கையைப் பைக்குள் விட்டாள். பென்சில் டப்பா கடகடத்தது.

"எஜே," என்றாள் ஹலிமா, கிண்ணத்தை அவள் முன்னால் டக்கென்று வைத்து, "முதல்ல சாப்பிடு. நூடுல்ஸ் ஊறிப் போயிரும்."

புருல் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய, மூக்கைத் துடைத்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு எழுந்து போய், "இல்லை"யை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் எழுதினாள்: "ஜூலை 12 அன்று எடுத்த மாதிரியில் காணப்படவில்லை."

பெஞ்சில் இருந்த ஒரு லாரிக்காரன் அதை உரக்கப் படித்தான். "தேதியெல்லாம் போட்டிருக்கே. அப்ப நிஜமாத்தான் இருக்கும்" என்று இன்னொரு கிண்ணம் கேட்டான்.

"இருக்கலாம்" என்றாள் புருல்.